3,000 பங்கு கேட்டால் 2,180 ஏன் வருகிறது?

வாசகர் கேள்வி: ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கில் 3,000 வாங்க, 182 ரூபாய்க்கு லிமிட் ஆர்டர் போட்டேன். விற்பவர்கள் பக்கம் மொத்தம் 46,000 பங்குகள் இருப்பதாகத் திரை காட்டியது. ஆனால் 1,750தான் உடனே கிடைத்தது, அதுவும் ஐந்து வெவ்வேறு விலையில். மதியத்துக்குள் இன்னும் 430 வந்து 2,180-இல் நின்றுவிட்டது. மாலையில் 820 ரத்தாகிவிட்டது. ஐந்து விலைகளையும் கூட்டி வகுத்தால் 181.57 வருகிறது. ஆப் 181.63 என்று காட்டியது, மாலையில் 181.70 ஆக்கிவிட்டது. நடுவில் ஒருமுறை அளவை 500 கூட்டி, மனம் மாறிக் குறைத்தேன். மறுநாள் பங்கு 185.40-க்குத் தொடங்கியது. புரோக்கர் ஏதாவது விளையாடுகிறாரா? இத்தனை துண்டுகளுக்கும் தனித்தனியாகக் கமிஷன் பிடிப்பார்களா? அடுத்த முறை எப்படிப் போடுவது? காண்ட்ராக்ட் நோட்டும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்திருக்கிறேன், ஐயா.

பதில்: புரோக்கர் விளையாடவில்லை. நீங்கள் அனுப்பிய காண்ட்ராக்ட் நோட்டை வரி வரியாகப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் 820 பங்கு கை நழுவியதற்கு ஒரு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 46,000.

திரையின் அடியில் வரும் மொத்த விற்பனை அளவு, அன்றைக்கு அந்தப் பங்கை விற்க எந்த விலையில் ஆர்டர் போட்டிருந்தாலும் அவர்கள் எல்லோரையும் சேர்த்துக் காட்டும் எண். அதில் 190-க்கு விற்கக் காத்திருப்பவரும் உண்டு, அன்றைக்கு விலை ஏறக்கூடிய உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட் விலையில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவரும் உண்டு. நீங்கள் 182-க்கு மேல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவர்கள் யாரும் உங்களுக்கு விற்பவர்கள் இல்லை. உங்களுக்குப் பயன்படும் எண் 182-க்குள் எத்தனை பங்கு நிற்கிறது என்பது மட்டும்தான். அது உங்கள் முதல் ஸ்கிரீன்ஷாட்டில், மார்க்கெட் டெப்த் பகுதியில் இப்படி இருக்கிறது:

181.20 ரூபாய்க்கு 240 பங்கு
181.35 ரூபாய்க்கு 410 பங்கு
181.50 ரூபாய்க்கு 150 பங்கு
181.80 ரூபாய்க்கு 600 பங்கு
182.00 ரூபாய்க்கு 350 பங்கு

கூட்டிப் பாருங்கள், 1,750. உடனே கிடைத்த அளவும் அதேதான். உங்கள் ஆர்டர் என்எஸ்இ கணினிக்குப் போய்ச் சேர்ந்ததும் அது மிகக் குறைந்த விலைக்கு விற்பவரிடமிருந்து ஆரம்பித்தது. 181.20-இல் இருந்த 240-ஐ எடுத்தது. போதவில்லை, அடுத்த படிக்குப் போனது. இப்படி ஒவ்வொரு படியாகக் காலி செய்துகொண்டே ஏறி, நீங்கள் போட்ட எல்லையான 182-ஐத் தொட்டதும் நின்றுவிட்டது. காண்ட்ராக்ட் நோட்டில் இந்த வரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நொடிதான் நேரமாகப் பதிவாகியிருக்கிறது. ஆர்டர் எண்ணும் ஒன்றே. டிரேட் எண்கள் மட்டும் வேறு வேறு. 181.35-க்கு மட்டும் மூன்று வரிகள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த விலையில் மூன்று பேர் விற்க நின்றார்கள், ஒவ்வொருவரிடமும் வாங்கியது தனித்தனி வியாபாரமாகப் பதிவாகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, நீங்கள் 182 தரத் தயாராக இருந்தும் 181.20-க்கு விற்க வந்தவருக்கு 181.20தான் கொடுத்தீர்கள். ஏற்கெனவே காத்திருக்கும் ஆர்டரின் விலையில்தான் வியாபாரம் முடியும், புதிதாக வந்து மோதும் ஆர்டரின் விலையில் அல்ல. 1,750 பங்கையும் 182-க்கே வாங்கியிருந்தால் 3,18,500 ரூபாய் ஆகியிருக்கும். உங்களுக்கு ஆனது 3,17,846.50. லிமிட் விலை என்பது நீங்கள் கொடுக்கும் விலை அல்ல, இதைத் தாண்டிப் போகாதே என்று போடும் எல்லை.

அந்த எல்லை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சந்தையிலேயே ஒரு நாள் இருக்கிறது. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாக 59 விற்பனை ஆர்டர்கள் போயின. மொத்த மதிப்பு 650 கோடி ரூபாய்க்கு மேல். உங்கள் ஆர்டர் படியேறியது போல அவை வாங்குபவர்கள் பக்கம் படியிறங்கின. ஒவ்வொரு விலையிலும் நின்றவர்களைக் காலி செய்துகொண்டே கீழே போக, நிஃப்டி சில நொடிகளில் 15 சதவீதத்துக்கும் மேல் சரிந்து வர்த்தகமே நின்றது. பெரிய நிறுவனங்களின் பங்குகளிலேயே அப்படி என்றால், ஒவ்வொரு படியிலும் இருநூறு முந்நூறு பங்கு மட்டும் நிற்கும் சின்னப் பங்கில் மார்க்கெட் ஆர்டர் போட்டு 3,000 வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் லிமிட் போட்டது சரியான காரியம்.

சரி, சராசரிக்கு வருவோம். ஐந்து விலைகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 240 பங்கு வாங்கிய விலைக்கும் 600 பங்கு வாங்கிய விலைக்கும் ஒரே மதிப்புக் கொடுத்தது போல ஆகிவிடும். ஒவ்வொரு விலையையும் அந்த விலையில் வாங்கிய அளவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தத் தொகைதான் 3,17,846.50. அதை 1,750-ஆல் வகுத்தால் 181.63. ஆப் சொன்னது சரி. பெரும்பாலும் நீங்களே போட்ட எளிய சராசரியைவிட இது கொஞ்சம் கூடுதலாகவே வரும், ஏனென்றால் பல பங்குகளில் மேலே போகப் போக விற்பவர்களின் கூட்டமும் அதிகமாக இருக்கும். உங்களுக்கும் 181.80-இல்தான் அதிகபட்சமாக 600 கிடைத்திருக்கிறது.

படிகள் இத்தனை நெருக்கமாகவும் ஒவ்வொன்றும் மெலிதாகவும் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 250 ரூபாய்க்குக் கீழே உள்ள பங்குகளுக்கு முன்பு 5 பைசா இடைவெளியில்தான் விலை வைக்க முடியும். 2024 ஜூன் முதல் என்எஸ்இ-யில் அது 1 பைசா ஆகிவிட்டது. முன்பு ஒரே விலையில் குவிந்து நின்றவர்கள் இப்போது ஆளுக்கொரு பைசா தள்ளி நிற்க முடிகிறது. ஆகவே ஒரு பெரிய ஆர்டர் முன்பைவிட அதிகத் துண்டுகளாக நிறைவேறுவது சகஜம். துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இனி மீதி 1,250. உங்கள் கேள்வியின் உண்மையான விஷயம் இங்கேதான் இருக்கிறது. 182-க்குள் விற்பவர் ஒருவரும் மிச்சமில்லை என்றான அந்த நொடியில் உங்கள் ஆர்டரின் குணமே மாறிவிட்டது. அதுவரை அடுத்தவர் வைத்த விலையைப் போய் எடுத்துக்கொண்டிருந்த ஆர்டர், இப்போது தானே ஒரு விலையை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆர்டர் ஆகிவிட்டது. டெப்த்தில் வாங்குபவர்கள் பக்கம் முதல் வரியாக 182.00-க்கு 1,250 என்று உட்கார்ந்தது. இதன் பிறகு யாராவது விற்க வந்தால்தான் உங்களுக்குப் பங்கு. வருபவர் 181.50-க்கே விற்கத் தயார் என்றாலும் வியாபாரம் 182-இல்தான் நடக்கும், ஏனென்றால் இப்போது காத்திருப்பவர் நீங்கள். முன்பு உங்களுக்குச் சாதகமாக இருந்த விதி இப்போது அவருக்குச் சாதகமாகிறது. அதனால்தான் மதியம் வரை வந்த 430 பங்கும் ஒரு பைசா குறையாமல் 182.00 என்றே பதிவாகியிருக்கிறது. அந்த 78,260 ரூபாயைச் சேர்த்தால் மொத்தம் 3,96,106.50. 2,180-ஆல் வகுத்தால் 181.70. சராசரி நாள் முழுக்க மெல்ல ஏறியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

காண்ட்ராக்ட் நோட்டைச் சரிபார்க்கவும் இதே அறிவு போதும். வாங்கும் ஆர்டர் என்றால் முதல் நொடியின் வரிகள் குறைந்த விலையிலிருந்து கூடிய விலைக்கு ஏற வேண்டும், அதற்குப் பிறகு வரும் வரிகள் எல்லாம் உங்கள் லிமிட் விலையிலேயே இருக்க வேண்டும். ஒரு வரி கூட லிமிட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டியிருந்தால் அப்போது புகார் செய்யுங்கள். உங்கள் நோட்டில் அப்படி எதுவும் இல்லை.

அப்புறம், அந்த 500-ஐக் கூட்டிக் குறைத்த விஷயம். சந்தை எப்போதும் இரண்டே கேள்வி கேட்கும். யார் நல்ல விலை தருகிறார்? ஒரே விலை என்றால் யார் முதலில் வந்தார்? 182-இல் நீங்கள்தான் முதல் ஆள். உங்கள் ஆர்டர் போவதற்கு முன்பு 181.20-க்கே விற்க ஆள் இருந்ததால் 182-க்கு வாங்குவதாகச் சொல்லி வேறு யாரும் அங்கே காத்திருந்திருக்க வழியே இல்லை. பிறகு உங்களைப் பார்த்து மற்றவர்கள் பின்னால் சேர்ந்தார்கள். மதியம் எடுத்த இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் 182.00-க்கு நான்கு ஆர்டர்கள், மொத்தம் 2,470 பங்கு என்று இருக்கிறது. அதில் 820 உங்களுடையது, மீதி 1,650 வேறு மூன்று பேருடையது. அதுவரை 182-க்கு வந்த விற்பனை எல்லாம் முதலில் உங்களுக்கே வந்தது. 430 அப்படிச் சேர்ந்ததுதான்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் அளவைக் கூட்டியிருக்கிறீர்கள். அளவைக் கூட்டினாலோ விலையை மாற்றினாலோ ஆர்டருக்குப் புதிய நேரம் விழும், அதாவது வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். அளவைக் குறைத்தால் மட்டும் பழைய இடம் போகாது. ஆனால் நீங்கள் முதலில் கூட்டிவிட்டீர்கள். பிறகு குறைத்தபோது காப்பாற்றப்பட்டது அந்தக் கடைசி இடம்தான். இப்போது உங்களுக்கு முன்னால் 1,650 பங்கு. 182-க்கு வந்த விற்பனை முதலில் அந்த மூவருக்குத்தான் போயிருக்கும். நோட்டில் மாற்றத்துக்குப் பிந்தைய நேரத்தில் ஒரு வரி கூட இல்லாததும் இதோடு பொருந்துகிறது. இன்னும் 500 வேண்டும் என்று தோன்றினால் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரைத் தொடாமல் தனியாக 500-க்கு இன்னொரு ஆர்டர் போடுங்கள். பழையது தன் இடத்தில் நிற்கும், புதியது மட்டும் பின்னால் போய் நிற்கும். சிலருடைய ஆப்பில் இரண்டாவது ஆர்டருக்கு இன்னொரு கட்டணம் விழலாம், ஆனாலும் நல்ல இடத்தைப் பிடித்திருக்கும்போது அது பெரிய விலை அல்ல.

கமிஷன் விஷயம் சுருக்கம். ஆர்டருக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்கும் புரோக்கர் என்றால், ஒரே நாளில் ஒரே ஆர்டர் எத்தனை துண்டாக நிறைவேறினாலும் ஒரே கட்டணம்தான். சதவீதக் கணக்கில் வாங்குபவர் என்றால் மொத்தத் தொகைக்குத்தான் கணக்கு, துண்டுகளால் பெரிய மாற்றம் இல்லை. பங்குப் பரிவர்த்தனை வரியும் முத்திரைத் தீர்வையும் தொகையின் மேல்தான். துண்டுகள் செலவு வைப்பது நாள் மாறும்போது. ரத்தான 820-ஐ மறுநாள் போட்டால் அது புது ஆர்டர், நிலையான கட்டணம் மறுபடி விழும். விற்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியே போவதற்கான டிபி கட்டணம், எத்தனை பங்கு விற்றாலும், ஒரு நிறுவனத்தின் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒருமுறைதான். ஒரே நாளில் பத்துத் துண்டாக விற்றாலும் ஒன்றுதான், பாதி இன்று பாதி நாளை என்று போனால் இரண்டு.

விற்பனை பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், பகுதி நிறைவேற்றத்தில் நான் உண்மையாகவே அஞ்சுவது இதைத்தான். 3,000 வாங்கியதாக மனத்தில் நினைத்துக்கொண்டு, மதியம் விலை ஏறியதும் 3,000-க்கு விற்பனை ஆர்டரோ ஸ்டாப்லாஸோ போட்டுவிடுகிறார்கள். கையில் இருப்பது 2,180. டெலிவரி என்று குறித்துப் போட்டால் பெரும்பாலான ஆப்கள் மிச்சத்தை மறுத்துவிடும். இன்ட்ராடே என்று போட்டிருந்தால் கூடுதல் 820 இல்லாத பங்கை விற்றதாக ஆகிவிடும். சந்தை மூடுவதற்குள் அதைத் திரும்ப வாங்க முடியாமல் போனால், அப்பர் சர்க்யூட்டில் பங்கு பூட்டிக்கொள்ளும்போது அப்படித்தான் ஆகும், பங்கைக் கொடுக்க முடியாமல் ஏலத்துக்குப் போய் நஷ்டம் நம் தலையில் விழும். வாங்கும் ஆர்டர் இன்னும் பெண்டிங்கில் இருந்தால், எத்தனை நிறைவேறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த எண்ணுக்கு மட்டும் விற்பனையைப் போடுங்கள்.

அடுத்த முறைக்கு என் யோசனை. போடுவதற்கு முன்பு டெப்த்தில் உங்கள் லிமிட் விலை வரை உள்ள அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து படிகள்தான் தெரியும், ஆறாவது தெரியாது. தவிர, ஆர்டரில் ஒரு பகுதியை மட்டும் வெளியே காட்டும் வசதி இருப்பதால் சில படிகளில் தெரிவதைவிட அதிகமும் இருக்கலாம். தெரிந்த ஐந்தும் சேர்ந்து உங்கள் தேவையில் பாதிதான் என்றால், மீதிப் பாதி காத்திருக்கப் போகிறது என்பதை ஏற்றுக்கொண்டே போடுங்கள். முதல் துண்டுகள் விழுந்ததும் டெப்த்தை மறுபடி பாருங்கள். காலியான படிகள் போய், அதுவரை மறைந்திருந்த படிகள் மேலே வந்திருக்கும். உங்கள் இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் விற்பவர்கள் பக்கம் முதல் வரியே 182.15-க்கு 900 பங்கு. உங்களுக்கு மீதம் வேண்டியது 820. விலையை 182.15 என்று மாற்றியிருந்தால் அந்த நொடியே முடிந்திருக்கும். வரிசையில் இடம் போகுமே என்ற கவலையும் இல்லை, உடனே நிறைவேறும் ஆர்டருக்கு வரிசை எதற்கு? கூடுதல் செலவு பங்குக்கு 15 பைசா, மொத்தம் 123 ரூபாய். 3,000-க்கும் சேர்த்துச் சராசரி 181.82 ஆகியிருக்கும்.

மறுநாள் 185.40-க்கு அதே 820-ஐ வாங்கியிருந்தால், 182-ஐவிட 2,788 ரூபாய் கூடுதல். இது பின்னால் நின்று பார்த்துச் சொல்வது என்பதை மறக்கவில்லை. பங்கு மறுநாள் 178-க்குத் திறந்திருந்தால் காத்திருந்ததே நல்லதாகப் போயிருக்கும். ஆனால் காத்திருக்கும் ஆர்டருக்கு ஒரு பாதகம் எப்போதும் உண்டு. விலை இறங்கும்போது அது முழுதாக நிறைவேறிவிடும், ஏறும்போது பாதியில் விட்டுவிடும். அதாவது நீங்கள் சரியாகக் கணித்த பங்கில் குறைவாகவும், தவறாகக் கணித்ததில் முழுதாகவும் மாட்டுவீர்கள். ஆகவே இந்தப் பங்கை வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகிறேன் என்பவர் 15 பைசாவுக்காகக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 182-க்கு மேல் இது எனக்கு வேண்டவே வேண்டாம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர் என்றால் காத்திருக்கட்டும், 2,180-உடன் நிற்கட்டும்.

கிடைப்பதை இப்போதே எடுத்துக்கொள், மீதிக்காகக் காத்திருக்காதே என்று சொல்ல விரும்பினால் ஆர்டர் போடும் இடத்தில் டே என்பதற்குப் பதிலாக ஐஓசி-யைத் தேர்ந்தெடுங்கள். அதே ஆர்டரை அப்படிப் போட்டிருந்தால் 1,750 கிடைத்து 1,250 உடனே ரத்தாகியிருக்கும். 182-க்கு ஒரு பெரிய ஆள் காத்திருக்கிறார் என்பது டெப்த்தில் தெரியாமல் போயிருக்கும். மெல்லிய பங்கில் அதற்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் அந்த 1,250-ஐப் பார்த்துத்தான் விற்பவர்கள் தங்கள் விலையைச் சற்றுத் தூக்கி வைக்கிறார்கள். டிஸ்குளோஸ்டு குவான்டிட்டி என்ற கட்டத்தில் 300 என்று போட்டு மீதியை மறைக்கவும் செய்யலாம், என்எஸ்இ-யில் மொத்த அளவில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது காட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு 300 தீர்ந்ததும் அடுத்த 300 அதே விலையில் கடைசி ஆளாகத்தான் வரிசைக்கு வரும். ஐந்தரை லட்ச ரூபாய் ஆர்டருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஐநூறு ஐநூறாக, விற்பவர்கள் பக்கம் மறுபடி நிரம்புவதற்கு நேரம் விட்டுப் போடுவது எளிது, ஆர்டருக்குக் கட்டணம் வாங்காத புரோக்கர் என்றால் செலவும் இல்லை.

இப்போது மீதி 820-க்கு என்ன செய்வது? 182 என்ற பழைய விலையை மறந்துவிட்டு, இன்றைய விலையில் இந்தப் பங்கை புதிதாக வாங்குவீர்களா என்று மட்டும் பாருங்கள். வாங்குவேன் என்றால் டெப்த்தில் 820 எந்தப் படி வரை போனால் சேர்கிறது என்று கூட்டி, அந்தப் படியின் விலையையே லிமிட்டாகப் போடுங்கள். இன்னும் சந்தேகம் மிச்சம் இருந்தால் காண்ட்ராக்ட் நோட்டில் உள்ள ஆர்டர் எண், டிரேட் எண், அளவு, விலை ஆகியவற்றை என்எஸ்இ இணையதளத்தின் டிரேட் வெரிஃபிகேஷன் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அந்த வசதி வியாபாரம் நடந்த சில நாள்களுக்கு மட்டுமே கிடைக்கும், இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.